மெயிலில் போல்டு, டேபிள், புள்ளிப் பட்டியல்: கேள்வி பதில்

தாமதத்துக்கு விளக்கம் கேட்ட வாடிக்கையாளருக்கு நாலு புள்ளி போட்டு அனுப்பினேன். "மழுப்பாதீர்கள்" என்று பதில் வந்தது. ஏன்?

நீங்கள் அனுப்பியது இது:

• உதிரிபாகம் தாமதம்
• சோதனையில் பழுது
• ஆள் பற்றாக்குறை
• புதிய தேதி 18

நாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதனால் எது நடந்தது என்பது இதில் இல்லை. புள்ளி வைத்ததும் 'அதனால்', 'ஆகையால்' எல்லாம் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது நாலு சாக்கு. இப்படி எழுதிப் பாருங்கள்: "உதிரிபாகம் ஒரு வாரம் தாமதமாக வந்தது. அவசரமாகப் பொருத்தியதால் சோதனையில் பழுது தெரிந்தது. அதைச் சரிசெய்பவர் விடுப்பில் இருந்ததால் மேலும் நாலு நாள் போயிற்று. 18ஆம் தேதி உங்களிடம் வந்துவிடும்." இதைப் படித்துவிட்டும் கோபப்படலாம், ஆனால் மழுப்பல் என்று சொல்ல முடியாது.

அப்போ பட்டியலே கூடாதா?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டுமென்றால் போடுங்கள். புள்ளிக்குப் பதில் எண் போட்டால் "2 சரி, 3 வேண்டாம்" என்று போனிலிருந்தே பதில் வந்துவிடும்.

மூன்று சப்ளையர்களின் விலை, டெலிவரி நாள், வாரண்டி. டேபிள் போடலாமா?

டேபிள் பிறந்ததே இதற்குத்தான். உங்கள் பரிந்துரையை மட்டும் டேபிளுக்கு மேலே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எக்செல்லில் இருந்து அப்படியே ஒட்டினால் அதன் அகலமும் கூடவே வரும், போனில் கடைசி நெடுவரிசை திரைக்கு வெளியே போய்விடும். முதலில் உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து பாருங்கள்.

கடைசித் தேதியை போல்டு செய்யலாமா?

செய்யலாம். ஒரு மெயிலுக்கு ஒன்று. வெறும் எழுத்தாக மட்டும் மெயில் காட்டும் இடங்களில் போல்டு காணாமல் போகும், அதனால் அது இல்லாமலும் வாக்கியம் புரிய வேண்டும்.

முக்கியமான சொற்களை எல்லாம் போல்டு செய்தால்?

மேலே பார்க்கவும்.

என் மேலாளர் போல்டில் இருப்பதை மட்டும்தான் படிப்பார். ஒன்று போதாது சார்.

அங்கேதான் ஆபத்து. "பில் சரியாக இருந்தால் வெள்ளிக்குள் பணம் அனுப்பவும்" என்று எழுதி, பின்பாதியை போல்டு செய்தால் அவர் கண்ணில் படுவது அது மட்டும். தப்பான பில்லுக்கும் பணம் போய்விடும்.

(வேறொருவர்) அது மேலாளரின் தப்பு, போல்டு என்ன செய்யும்?

பாதி சரி. ஆனால் எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று காட்டிக்கொடுத்தது எழுதியவர்தானே? நிபந்தனையையும் சேர்த்து போல்டு செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டையும் விடுங்கள்.

(அதே நபர்) அப்படியே போனால் முழு மெயிலும் போல்டு ஆகிவிடும்.

ஆகும். அப்போது மெயிலைச் சுருக்க வேண்டும். உங்கள் மேலாளர் அதற்கும் மசியாவிட்டால் என்னிடம் வழி இல்லை, போன் செய்யுங்கள்.

தேதியைச் சிவப்பில் போட்டால்?

போல்டு பற்றி இதுவரை ஐந்து தடவை. சிவப்புக்கும் அதே பதில்தான். டார்க் மோடில் படிக்கவே சிரமமாகலாம், அது கூடுதல்.

மெயிலின் கடைசியில் வரும் கையெழுத்துக்கு எந்த எழுத்துரு நல்லது?

வடிவமைப்பாளரைக் கேளுங்கள்.