ஒரே எகானமி, ரெண்டு பவுலர்கள்

"எங்க டீம்ல ரெண்டு பேருக்கும் டெத் ஓவர் எகானமி 9தான். ஒருத்தனுக்கு டாட் பால் 50%, இன்னொருத்தனுக்கு 25%. கடைசி ஓவரை யாருக்குக் கொடுக்கறது?"

சகோ, நானும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான். இங்கே ஞாயிற்றுக்கிழமை மேட்ச்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன், அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது.

இருவரையும் 24 பந்துக்குக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு 36 ரன். முதல் ஆளுக்கு 12 டாட் போக, மீதி 12 பந்தில் 36, அதாவது அடிபட்ட பந்துக்கு 3 ரன். யார்க்கர் சரியாக விழுந்தால் டாட், தவறினால் பவுண்டரி. இரண்டாவது ஆள் 18 பந்தில் 36 கொடுத்திருக்கிறார், பந்துக்கு 2தான். பெரிய அடி குறைவு, ஒன்றும் இரண்டுமாகப் போகிறது.

கடைசி ஓவரில் 14 ரன்னைக் காக்க வேண்டுமா, இரண்டாவது ஆளிடம் கொடுங்கள். 6 ரன்தான் இருக்கிறதா, அவருடைய வழக்கமான ஓவரே தோல்விதான். அங்கே முதல் ஆளின் மூன்று டாட்தான் உங்கள் வாய்ப்பு. மற்றபடி அவரை 17, 18வது ஓவரில் போடவிடுங்கள். டாட் விழ விழ பேட்ஸ்மேன் அவசரப்படுவார், விக்கெட்டும் வரும்.

அப்புறம், வைடுகளைத் தனியாக எண்ணுங்கள். அது எகானமியை ஏற்றும், ஆனால் டாட் சதவீதத்தில் தெரியாது. 24 பந்தில் ஒரே சிக்ஸர் எகானமியை 1.5 மாற்றிவிடும், ஆகவே இன்னும் சில மேட்ச் சேர்த்துப் பாருங்கள்.