இருபது வில்லை, ஐந்து குழாய்: மாத பட்ஜெட்டை இருவர் உரையாடலாக எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

வீட்டுக் கணக்கைச் சிறு நாடகங்களாக எழுதி மேடையேற்றி வருபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): மாத பட்ஜெட்டை இரண்டு பேர் பேசும் சின்ன நாடகமாக எழுதப் போகிறேன். மேசையில் என்ன வைக்கலாம்? நிஜப் பணத்தைக் கட்டாக வைத்தால் போதாதா?

போதாது. நோட்டுக் கட்டில் எவ்வளவு குறைந்தது என்று கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. தொகையைச் சொன்னால் இன்னொரு தொல்லையும் உண்டு. பார்ப்பவர்கள் "நம் வருமானம் அவ்வளவு இல்லையே" என்று அதிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் மாத வருமானம் முழுவதையும் இருபது மர வில்லைகளாக்குங்கள். ஒரு வில்லை என்றால் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு. யாருடைய வருமானத்துக்கும் இது பொருந்தும்.

அப்புறம், உள்ளே இருப்பது தெரியும் ஐந்து குழாய்கள். அகலமான ஜாடி வேண்டாம். அதில் ஆறு கிடந்தாலும் நான்கு கிடந்தாலும் ஒரே குவியலாகத்தான் தெரியும். வில்லையை விடச் சற்றே பெரிய விட்டமுள்ள குழாய் என்றால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும், உயரமே கணக்கைச் சொல்லிவிடும். வில்லை விரல் தடிமன் இருக்கட்டும். தெர்மாகோலில் செய்தால் எளிதுதான், ஆனால் விழும்போது சத்தம் வராது. மரத்தில் 'டக்' என்று கேட்கும். அந்தச் சத்தமும் ஒரு வசனம்தான்.

கடைசியாக, ஒவ்வொரு குழாய்க்கும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு ரப்பர் பேண்ட். திட்டமிட்ட உயரத்தில் அதை மாட்டிவிட வேண்டும். வில்லைகள் இறங்கும், பேண்ட் அங்கேயே நிற்கும். திட்டம் எவ்வளவு, கையில் இருப்பது எவ்வளவு என்பது ஒரே பார்வையில் தெரியும்.

கேள்வி (நாடகக் குழுவில் நடிப்பவர்): வாடகைக்குச் சிவப்பு, மளிகைக்குப் பச்சை என்று வில்லைகளுக்கு வெவ்வேறு நிறம் அடித்தால் இன்னும் தெளிவாக இருக்குமே?

குழாயின் பெயர்ப்பட்டைக்கு நிறம் கொடுங்கள், வில்லைக்குக் கொடுக்காதீர்கள். எல்லா வில்லையும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். மளிகைக்கு வைத்த பணமும் வண்டி பழுதுக்குப் போகும் பணமும் ஒன்றுதான், எங்கு வேண்டுமானாலும் நகரும். சிவப்பு வில்லை பச்சைக் குழாய்க்குள் விழுந்தால் தப்பு நடந்துவிட்டதாகத் தோன்றும். மாதத்தின் நடுவில் மாற்றிப் போடுவது தப்பே இல்லை. எந்தக் குழாயிலிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (அதே ஆசிரியை): சரி, உரையாடல் எப்படிப் போகும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

அக்கா, தம்பி இருவரை வைத்துக்கொள்வோம். தம்பிக்குச் சம்பளம் வந்திருக்கிறது. குழாய்கள்: வாடகை, மளிகை, பில்-பயணம், வருடச் செலவு, கைச்செலவு. இருபது வில்லையும் மேசையில்.

> தம்பி: (போட்டுக்கொண்டே) வாடகைக்கு ஆறு. மளிகைக்கு ஆறு. பில்லும் பயணமும் நான்கு. மீதி நாலும் என் கைச்செலவு. முடிஞ்சது அக்கா.
>
> அக்கா: இந்தக் குழாய் காலியா இருக்கே?
>
> தம்பி: வருடச் செலவா? அது இந்த மாசம் இல்லையே.
>
> அக்கா: பாப்பாவுக்குப் பள்ளிக் கட்டணம் எப்போ?
>
> தம்பி: ஆறாவது சம்பளத்துல கட்டணும். பன்னிரண்டு வில்லை ஆகும்.
>
> (அக்கா பேசாமல் இருக்கிறாள். தம்பி மேசையைப் பார்க்கிறான். ஒரு வில்லைகூட இல்லை. கைச்செலவுக் குழாயைப் பார்க்கிறான்.)
>
> தம்பி: இந்த மாசத்தையும் சேர்த்து ஆறு சம்பளம். மாசம் ரெண்டு.
>
> (கைச்செலவிலிருந்து இரண்டை எடுத்து வருடச் செலவில் போடுகிறான். டக். டக்.)

இங்கே அக்கா ஐந்து குழாயிலும் பேண்ட் மாட்டுகிறாள். அடுத்த காட்சி இருபதாம் தேதி. வாடகைக் குழாய் காலி. மளிகையில் ஒன்று, பில்-பயணத்தில் ஒன்று, வருடச் செலவில் இரண்டு, கைச்செலவில் ஒன்றுமில்லை.

> தம்பி: வண்டி டயர் போயிடுச்சு அக்கா. ஒரு வில்லை வேணும்.
>
> (மேசையில் துழாவுகிறான். காலி.)
>
> அக்கா: எதுலருந்து எடுக்கப் போற?
>
> தம்பி: மளிகையில கை வைக்க முடியாது. கரண்ட் பில்லும் கட்டணும். (வருடச் செலவிலிருந்து ஒன்றை எடுக்கிறான்.) இதுதான் கொஞ்சம் பொறுக்கும்.
>
> அக்கா: பேண்ட் எங்க நிக்குது பார்.

இரண்டில் நிற்கும் பேண்டுக்குக் கீழே ஒரே ஒரு வில்லை. அடுத்த மாதம் அந்தக் குழாயின் பேண்டை நான்குக்கு ஏற்றுங்கள். தம்பி வழக்கம்போல் இரண்டு போட்டால் மூன்றுதான் வரும், இடைவெளி அப்படியே இருக்கும். கட்டணத்துக்கு இன்னும் பதினொன்று வேண்டும், சம்பளம் ஐந்துதான். நான்கு மாதம் இரண்டு, ஏதாவது ஒரு மாதம் மூன்று. எந்த மாதம் மூன்று என்று தம்பியே சொல்லட்டும். நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர்): நான் ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுதி வைக்கிறேன். அதுதானே பட்ஜெட்? இதற்கு நாடகம் எதற்கு?

நீங்கள் செய்வது பாதி வேலை, அதுவும் அவசியமான பாதி. மளிகைக்கு ஆறு என்று தம்பி எப்படிச் சொன்னான்? போன மாதங்களின் கணக்கு அவனிடம் இருந்ததால்தான். அது இல்லாமல் பேண்டை எங்கே மாட்டுவது என்றே தெரியாது. ஆனால் நோட்டு, செலவான பிறகு பேசுகிறது. குழாயில் வில்லை விழுவது செலவுக்கு முன்னால். உங்கள் நோட்டில் பள்ளிக் கட்டணம் எந்த மாதம் பதிவாகிறது? கட்டிய மாதத்தில் மட்டும். அதற்கு முந்தைய மாதங்கள் எல்லாம் மிச்சம் இருப்பதுபோல் காட்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): 50-30-20 என்று ஒரு விதி இருக்கிறதே. தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20. மூன்று குழாய் போதுமே? உங்கள் நாடகத்தில் சேமிப்பே இல்லை!

இருபது வில்லையில் அது பத்து, ஆறு, நான்கு. தம்பியின் வாடகையும் மளிகையும் மட்டுமே பன்னிரண்டு. முதல் குழாய் நிரம்பி வழிந்த பிறகு மேடையில் பேச ஒன்றுமில்லை, "நம்மால் முடியாது" என்ற எண்ணம்தான் மிஞ்சும். அந்த விதி கணக்கை முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆரம்பமாக வைத்தால் பலருக்குப் பொருந்தாது.

சேமிப்பு பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் ஆறு மாதம் தள்ளிப் பாருங்கள். கட்டணம் கட்டியாயிற்று, வருடச் செலவுக் குழாய் காலி, பேண்டும் கீழே இறங்கியது. அடுத்த கட்டணத்துக்கு முழுதாகப் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. இனி மாதம் ஒரு வில்லை போதும். ஒன்று கையில் நிற்கிறது. அப்போது ஆறாவது குழாயைக் கொண்டுவந்து வையுங்கள், பெயர் 'சேமிப்பு'. அந்த வில்லை எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி (அதே மாணவர்): ஆனாலும் சேமிப்பை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. டயர் வெடித்தபோது ஒரே ஒரு வில்லை தனியாக இருந்திருந்தால் பள்ளிக் கட்டணத்தில் கை வைத்திருக்க வேண்டாம். கைச்செலவை ஒன்றாகக் குறைத்து அவசரத்துக்கு ஒன்று வைக்கும் வடிவத்தையும் எழுதிப் பாருங்கள். எது பார்ப்பவர்களுக்கு நன்றாகப் புரிகிறது என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

கேள்வி (தினக்கூலி வேலை செய்பவர்): எனக்குச் சம்பளம் என்று மொத்தமாக வருவதில்லை. ஒரு வாரம் வேலை இருக்கும், ஒரு வாரம் இருக்காது. இருபது வில்லைக்கு நான் எங்கே போவது?

உங்களுக்கான நாடகத்தில் வில்லைகள் ஒரே தடவையில் மேசைக்கு வரக்கூடாது. ஏழு, இரண்டு, ஐந்து என்று மேடையின் ஓரத்திலிருந்து தவணையாக வரட்டும். பேண்டை மட்டும் முதலிலேயே மாட்டிவிடுங்கள். அண்மைக் காலத்தில் மிகக் குறைவாக வந்த மாதம் எதுவோ, அதையே அளவாக வையுங்கள். சராசரியை வைத்தால் பாதி மாதங்களில் துண்டு விழும்.

அப்புறம், குழாய்கள் நிற்கும் வரிசைதான் உங்கள் பட்ஜெட். அன்றாட மளிகைக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கெடு முதலில் வருவதை முதலில் நிரப்ப வேண்டும். நல்ல வாரத்தில் கூடுதலாக வரும் வில்லையைக் கைச்செலவில் போடத் தம்பி கை நீட்டுவான். அந்தக் கணத்தில் அக்கா "அடுத்த வாரம் வேலை உறுதியா?" என்று கேட்டால் போதும்.

கேள்வி (இல்லத்தரசி): அக்கா தம்பிக்குப் பதில் கணவன் மனைவி வைக்கலாமா? எங்கள் வீட்டில் அவர்தான் விளக்குவார், நான் கேட்டுக்கொள்வேன்.

வைக்கலாம். ஆனால் விளக்குபவர் வில்லையைத் தொடக்கூடாது. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தெரிந்தவரே எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் அது பாடமாகிவிடும், எதிரில் இருப்பவர் தலையாட்டப் பிறந்தவர்போல் ஆகிவிடுவார். கற்றுக்கொள்பவரின் கை நகர வேண்டும், தயங்க வேண்டும். அவர் ஏமாளியாகவும் இருக்கக்கூடாது. தம்பிக்குக் கட்டணம் எப்போது, எவ்வளவு என்று இரண்டும் தெரியும். மாத வாரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுதுவதானால் மனைவி கையில் வில்லைகளைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி (நாடகக் குழுவில் நடிப்பவர்): இப்போது பலரும் கிரெடிட் கார்டிலும் தவணையிலும்தானே வாங்குகிறார்கள்? மேசை காலியானாலும் அவர்களுக்கு வில்லை கிடைக்குமே?

கிடைக்கும், ஆனால் எங்கிருந்து என்று காட்ட வேண்டும். மேசையின் மறு ஓரத்தில் 'அடுத்த மாதம்' என்று எழுதிய பை ஒன்றை ஆரம்பத்திலிருந்தே வையுங்கள், உள்ளே இருபது வில்லை. தம்பி கார்டை நீட்டியதும் அந்தப் பையிலிருந்து ஒன்றை எடுக்கட்டும். மாதம் மாறியதும் பையைக் கவிழ்த்து உரக்க எண்ணட்டும். பத்தொன்பது. ஐந்து பேண்டுகளும் சேர்ந்து இருபது கேட்கும்.

வட்டிதான் சிக்கல். ஒரு வில்லைக் கடனுக்கு ஒரு மாத வட்டி என்பது வில்லையில் சிறு துண்டு. முழு வில்லையை எடுத்தால் மிகைப்படுத்தியதாகும், எடுக்காவிட்டால் கடன் இலவசம் என்றாகிவிடும். மரத்தைச் சீவிக் காட்டினால் தூரத்தில் தெரியவில்லை. இப்போதைக்கு அக்கா வாயால் சொல்கிறாள்: "ஒண்ணு எடுத்த, ஒண்ணுக்கு மேல திருப்பித் தரணும்." இதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள், அடுத்த ஒத்திகையில் செய்து பார்க்கிறோம்.