"நன்றி"க்கு நன்றி, அதற்கும் நன்றி: மின்னஞ்சல் தொடரை எப்படி முடிப்பது?

கேள்வி: எங்கள் சங்க வேலைகள் எல்லாம் மின்னஞ்சலில்தான் நடக்கின்றன. விஷயம் முடிந்த பிறகும் "நன்றி", "உங்களுக்கும் நன்றி", "மகிழ்ச்சி" என்று இரண்டு நாள் ஓடுகிறது. பெரியவர்கள் எழுதும்போது பதில் போடாமல் இருக்கவும் மனம் வரவில்லை. மரியாதை குறையாமல் இதை எப்படி முடித்துவைப்பது?

பதில்:

நான் மொரிஷியஸின் போர்ட் லூயிஸில் சரக்கு இறக்குமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் மின்னஞ்சல்தான். மாலையில் எங்கள் ஊர்க் கோயில் குழுவின் கடிதங்களையும் நானே பார்க்கிறேன். நீங்கள் கேட்டதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. அதைச் சொன்னால் என் முறை ஏன் இப்படி அமைந்தது என்பது புரியும்.

மொரிஷியஸில் தைப்பூசம் பொது விடுமுறை. காவடியும் பால்குடமும் எடுக்கக் கோயில்களில் பெரும் கூட்டம் சேரும். சில ஆண்டுகளுக்கு முன் பால்குடத்துக்காக 60 பித்தளைச் செம்புகளும், சில குத்துவிளக்குகளும் கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருவரிடம் சொல்லியிருந்தோம். தூத்துக்குடியிலிருந்து கப்பல். தொடரில் பதினோரு பேர் இருந்தார்கள்: எங்கள் குழுவினர், கடைக்காரர், அங்கே சரக்கை ஏற்றுபவர், இங்கே இறக்குபவர். விலை, பூச்சு, பெட்டி எண்ணிக்கை, எடை என்று மூன்று வாரம் பேசி, ஒரு வியாழக்கிழமை மதியம் எல்லாம் ஒத்துவந்தது. நான் எழுதினேன்: "எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அனைவருக்கும் மிக்க நன்றி."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பத்தொன்பது பதில்கள் வந்தன. எல்லாமே அனைவருக்கும் போனவை. ஐந்தாவது பதிலுக்கு மேல் யாரும் திறந்து படிக்கவில்லை; வரிசையில் தெரியும் முதல் சில சொற்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். எட்டாவது பதில் கடைக்காரருடையது. "மிக்க நன்றி ஐயா. தங்கள் அன்புக்குக் கடமைப்பட்டுள்ளோம்" என்று தொடங்கி, நான்காவது வரியில் "விளக்குகளைத் தனியாகக் கட்டியதில் பெட்டி ஒன்று கூடி 15 ஆகிவிட்டது, பட்டியலை மாற்றிக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தார். கப்பலில் ஏற்றும் சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் பி.எல். ஆவணத்தில் 14 பெட்டிகள் என்றே அச்சானது. சரக்கு இங்கே வந்து இறங்கியபோது பெட்டிகள் 15. அதைத் திருத்தி வாங்க ஆறு நாள், அந்த ஆறு நாளுக்குக் கிடங்கு வாடகை. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்புதான் செம்புகள் கோயிலுக்கு வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு அந்தப் பத்தொன்பது மடல்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். யாரும் தவறான எண்ணத்தில் எழுதவில்லை. தவறு என் வியாழக்கிழமை மடலில் இருந்தது. "முடிந்தது" என்று சொன்னேன். எது முடிந்தது என்று சொல்லவில்லை. பதில் வேண்டுமா வேண்டாமா என்றும் சொல்லவில்லை. வெறும் நன்றி மட்டும் வந்தால் பெறுபவருக்குக் கையில் கிடைப்பது ஒரு மரியாதை. நம் வழக்கப்படி அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அதனால் தொடர் வளர்ந்தது.

நேரில் இந்தச் சிக்கலே நமக்கு வருவதில்லை. "போய்வருகிறேன்" என்கிறோம், "போய்வாருங்கள்" என்கிறார்கள். வாசல்வரை வந்து நிற்பார்கள், திரும்பிப் பார்த்துத் தலையசைப்போம். எந்தச் சொல்லோடு விடைபெறுதல் முடிகிறது என்பது இருவருக்கும் தெரியும். மின்னஞ்சலில் அந்த வாசல் இல்லை. முடிப்பவர்தான் அதை எழுதி வைக்க வேண்டும்.

முடிப்பவர் யார்? என் அனுபவத்தில், விஷயத்தைத் தொடங்கியவரே, அதாவது உதவியோ தகவலோ கேட்டவரே முடிக்க வேண்டும். பதில் சொன்னவர் முடித்தால் "போதும், விடுங்கள்" என்பது போல் ஒலிக்கும். கேட்டவர் முடித்தால் "எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது" என்று பொருள்படும்.

இப்போது நான் எழுதும் முடிவு மடல் எப்படி இருக்கும் என்பதை, அதே செம்பு விஷயத்தை வைத்தே காட்டுகிறேன்.

> வணக்கம். இந்த விஷயம் முடிந்தது. இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.
>
> முடிவு: 60 செம்புகளும் விளக்குகளும், மொத்தம் 14 பெட்டிகள். அடுத்த புதன்கிழமை தூத்துக்குடியில் ஒப்படைக்கப்படும். பி.எல். வரைவை நான் சரிபார்க்கிறேன். மீதிப் பணத்தைப் பொருளாளர் திங்கட்கிழமை அனுப்புகிறார்.
>
> செவ்வாய் இரவே கடைக்குப் போய்ச் செம்புகளை எடைபோட்டுச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. அந்த எடை இல்லாமல் கப்பல் கட்டணத்தை முடிவு செய்திருக்க முடியாது.
>
> பெட்டி எண்ணிக்கையோ எடையோ தேதியோ மாறினால் மட்டும், புதிய தலைப்பில் எனக்கு எழுதுங்கள்.

இதில் நான்கு வேலைகள் நடக்கின்றன, வரிசைக்கும் காரணம் உண்டு. "பதில் வேண்டியதில்லை" என்பது முதல் வரியிலேயே வருகிறது. கடைசியில் வைத்தால், அங்கே வருவதற்குள் படிப்பவர் மனதில் நன்றி எழுதத் தொடங்கிவிடுவார். அடுத்து, முடிவை எண்ணோடும் பொறுப்போடும் எழுதிவிடுகிறேன். 14 என்ற எண்ணைக் கண்ணால் பார்க்கும் கடைக்காரர் "ஐயோ, 15 ஆயிற்றே" என்று அந்த ஒரு விஷயத்துக்காகவே எழுதுவார். நன்றிக்குள் அதைப் புதைக்க மாட்டார். மூன்றாவது, நன்றியை ஒருவர் செய்த ஒரு காரியத்துக்குச் சொல்கிறேன். "அனைவருக்கும் நன்றி" என்றால் பதினோரு பேரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். எடைபோட்டதற்கு நன்றி என்றால், அது போய்ச் சேர்ந்த இடத்திலேயே நிறைந்துவிடுகிறது. மற்றவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தால் தனியாகச் சொல்கிறேன். நான்காவது, எப்போது எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எழுதாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் கதவை அடைத்தது போல் இருக்கும். அதைவிட மோசம், எழுத வேண்டியவரும் தயங்கி நின்றுவிடுவார்.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். பலர் முடிவு மடலின் தலைப்பில் "முடிந்தது" என்று சேர்ப்பார்கள். ஜிமெயிலில் தலைப்பு மாறினால் அது தனித் தொடராகப் பிரிந்துவிடும். பழைய தொடரைத் திறப்பவருக்கு அது முடிவில்லாமல் நிற்பதாகவே தெரியும். அதனால் முடிவு மடலைப் பழைய தலைப்பிலேயே அனுப்புங்கள். மாற்றம் வந்தால் புதிய தலைப்பு கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்: புதிய செய்தி பழைய நன்றிகளுக்கு அடியில் போகாது.

பெரிய குழுவாக இருந்தால் இன்னொன்று செய்யலாம். பெறுநராக உங்கள் முகவரியை மட்டும் போட்டு, மற்ற எல்லோரையும் பி.சி.சி.யில் வையுங்கள். யாராவது அனைவருக்கும் பதில் அனுப்பினாலும் அது உங்களுக்கு மட்டுமே வரும். ஆனால் மடலுக்குள் "குழுவினர் பதினொருவருக்கும் இது போகிறது" என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்ற சந்தேகம் வரும், அதற்கே ஒரு புதிய தொடர் தொடங்கும்.

அனுப்பும் நேரமும் முக்கியம். மொரிஷியஸுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே மாலை 4 மணி என்றால் அங்கே 5.30, கிளம்பும் நேரம். நான் முடிவு மடலை இங்கே மதியம் 2 மணிக்குள் அனுப்புகிறேன். திருத்தம் இருந்தால் அன்றே வந்துவிடும்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் தயக்கம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் குழுத் தலைவர் எழுபது வயதைத் தாண்டியவர். எவ்வளவு தெளிவாகப் "பதில் வேண்டியதில்லை" என்று எழுதினாலும் அவர் வாழ்த்தி நாலு வரி எழுதாமல் இருக்க மாட்டார். அதைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. அவருக்கு மட்டும், மற்றவர்கள் இல்லாமல், ஒரே ஒரு பதில் எழுதுவேன்: "ஐயா, உங்கள் சொல் பெரிய பலம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்க்கிறேன்." அவர் "நல்லது தம்பி" என்பார். அதோடு விட்டுவிடுகிறேன். கடைசிச் சொல் பெரியவருடையதாக இருப்பதுதான் மரியாதை என்பது என் உறுதியான எண்ணம். அதற்கும் மேல் நாம் ஒன்று எழுதினால், அவரை மறுபடி எழுத வைத்து வேலை வாங்குகிறோம்.

பதில் எழுதியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. பணம், ஆவணம், கெடு தேதி ஆகியவை வந்தால் "கிடைத்தது" என்று ஒரு வரி கட்டாயம். இங்கே பிரெஞ்சில் எழுதுபவர்கள் "பியென் ரெசு" என்று போடுவார்கள், நன்றாகக் கிடைத்தது என்று பொருள். அது ரசீது, உபசாரம் இல்லை. அதை விட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் இரண்டு நாள் கழித்து "கிடைத்ததா?" என்று கேட்க வேண்டியிருக்கும்.

எழுதுவதற்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் அடையாளம் போடலாமே என்று கேட்கலாம். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் அந்த வசதி வந்துவிட்டது. ஆனால் ஜிமெயிலில் நீங்கள் போடும் அடையாளம், வேறு சேவையில் இருப்பவருக்குத் தனி மடலாகவே போய்ச் சேரலாம். எல்லோரும் ஒரே அலுவலகத்தில், ஒரே சேவையில் இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

அவுட்லுக்கில் உள்ள Ignore பொத்தானை மட்டும் தொடாதீர்கள். அது அந்தத் தொடரை இனி வரும் மடல்களோடு சேர்த்து நீக்கப்பட்டவை பகுதிக்கு அனுப்பிவிடும். அன்று நான் அதை அழுத்தியிருந்தால், 15 பெட்டி என்ற வரி என் கண்ணில் படவே வாய்ப்பு இருந்திருக்காது.

இப்போதே உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் தொடர் இருந்தால், முதலில் அதில் வந்த எல்லா நன்றி மடல்களையும் கடைசி வரிவரை படியுங்கள். ஏதாவது கேள்வியோ மாற்றமோ உள்ளே இருந்தால் அதைச் சேர்த்துக்கொண்டு, மேலே உள்ளது போல ஒரு முடிவு மடல் அனுப்புங்கள். அதன் பிறகும் ஒன்றிரண்டு நன்றிகள் வரும். படியுங்கள், உள்ளே செய்தி இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.