72-ஐ 0.9-ஆல் பெருக்கினால் ஏன் தப்பு?

"சராசரி ஆயுள் 72. எங்கள் கணக்கெடுப்பில் குறைபாட்டோடு வாழும் ஆண்டுகள் ஆளுக்கு 0.10. 72 × 0.9 = 64.8 என்று ஆரோக்கிய ஆயுளைப் போட்டேன். வழிகாட்டி தப்பு என்கிறார். ஏன்?"

அந்த 0.10 இன்று உயிரோடிருப்பவர்களின் சராசரி. அவர்களில் இளையவர்கள் அதிகம். 72 என்பதோ, பிறந்தவர்கள் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்று காட்டும் ஆயுள் அட்டவணையிலிருந்து வந்தது. அங்கே முதியவர்களின் பங்கு பெரிது. அதனால் வயதுவாரியாகத்தான் கழிக்க வேண்டும். ஆய்வாளர் சல்லிவன் 1971-இல் சொன்ன முறை இதுதான்.

எளிமைக்காக மூன்றே வயதுப் பிரிவுகள் வைத்துக்கொள்வோம். 1 லட்சம் பிறப்புகள் வாழும் ஆண்டுகள்: 40 வயதுக்குள் 38 லட்சம், 40–64இல் 22 லட்சம், அதற்குமேல் 12 லட்சம். கூட்டினால் 72 லட்சம், ஆளுக்கு 72. குறைபாட்டால் வரும் உங்கள் இழப்பு விகிதம் முறையே 0.05, 0.15, 0.40 என்றால் கழிய வேண்டியவை 1.9, 3.3, 4.8 லட்சம். மொத்தம் 10 லட்சம். ஆரோக்கிய ஆயுள் 62. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளைக் கூடுதலாகக் காட்டிவிட்டீர்கள்! இறப்பு விகிதம் அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. தனியாக மறுபடி சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒருவருக்கே இரண்டு நோய், ஒவ்வொன்றாலும் ஆரோக்கியம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் எடைகள் 0.2, 0.3 என்றால் 0.5 என்று கூட்டக்கூடாது. 1 − (0.8 × 0.7) = 0.44. முதியவர்களிடம் இது அடிக்கடி வரும். வெறுமனே கூட்டினால் சிலருக்கு இழப்பு 1-ஐத் தாண்டும். அதை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம்.