ஒரே சேர்க்கிட், ஒரு றிலே மட்டும் ஏன் இழுக்கிறேல்லை?

கேள்வி: கிணத்து மோட்டருக்கு ஆர்டுயினோவில ஓட்டோ கொன்ட்ரோல் ரெண்டு செய்தனான். 5 வோல்ற்று றிலே, பிசி547, பேஸில 10 கிலோ ஓம். ஒண்டு வேலை செய்யுது, மற்றதில றிலே இழுக்கேல்லை, ரான்சிஸ்டர் சாதுவாச் சுடுது. ரான்சிஸ்டர் பழுதோ?

பழுதில்லை. பிழை அந்த 10 கிலோ ஓமில.

நீல நிற 5 வோல்ற்று றிலேயின்ர சுருள் பெரும்பாலும் 70 ஓம். மீற்றரை வைச்சு அளந்து பாருங்கோ. 5-ஐ 70-ஆல பிரிச்சால் 71 மில்லி அம்பியர். உங்கட பேஸுக்குப் போறது:

(5 − 0.7) / 10000 = 0.43 mA

பெருக்கம் 200 உள்ள ரான்சிஸ்டர் அதிலயே 71-ஐ இழுத்துப்போடும். 100 உள்ளது 43 மட்டும்தான் விடும். அப்ப சுருளுக்குக் கிடைக்கிறது 3 வோல்ற்று, இழுக்க 3.75 வரைக்கும் தேவைப்படலாம். மிச்ச 2 வோல்ற்றும் ரான்சிஸ்டரிலேயே விழுது. அதுதான் அந்தச் சூடு.

பிசி547 எண்ட ஒரே பேரில பெருக்கம் 110-இல இருந்து 800 வரைக்கும் வரும். ரியூசனில β = 100 எண்டு தந்து கணக்குச் செய்விக்கினம், ஆனால் சுவிட்சுக்கு அந்த β-வை நம்பக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை. நிரம்பல் நிலைக்குத் தள்ள, சுருள் ஓட்டத்தின்ர பத்திலொண்டைப் பேஸுக்குக் குடுங்கோ. 7 மில்லி அம்பியர்:

(5 − 0.8) / 0.007 = 600 ஓம்

560 ஓம் போடுங்கோ. ஆர்டுயினோ பின் அதைத் தாங்கும். 3.3 வோல்ற்றுப் போர்ட் எண்டால் 330 ஓம். "1 கிலோ ஓமிலயே எனக்கு ஓடுது" எண்டு ஆராவது கீழ எழுதுவினம். ஓடும்தான், வேற ரான்சிஸ்டர் மாத்தினாலும் ஓடுமோ எண்டதுதான் கேள்வி.

போட்ட பிறகு றிலேயை ஓன் பண்ணி, கலெக்டருக்கும் எமிற்றருக்கும் இடையில அளவுங்கோ. 0.3-க்குக் கிட்ட நிண்டால் நிரம்பிட்டுது. 1 வோல்ற்றுக்கு மேல காட்டினால் பேஸ் ஓட்டம் இன்னும் போதாது.

பிசி547-இன்ர உச்சம் 100 மில்லி அம்பியர்தான். 71 எண்டது அதுக்குக் கொஞ்சம் கிட்ட. 2என்2222 கிடைச்சால் நல்லது. ஆனால் பிளாஸ்ரிக்கில வாறதுகளின்ர கால் வரிசை பிசி547-க்கு மாறியும் இருக்கும், அதே மாதிரியும் இருக்கும். மேல இருக்கிற எழுத்தைப் பார்த்து டேற்றாசீற்றில உறுதிப்படுத்தாமல் பத்த வையாதேங்கோ.

சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட், கோடு போட்ட பக்கம் பிளஸுக்கு. அது இல்லாட்டி றிலே ஓவ் ஆகேக்க சுருளில எழும்புற வோல்ற்று ரான்சிஸ்டரைக் கொண்டுபோயிடும்.

கழட்டின 10 கிலோ ஓமை எறியவேண்டாம். பேஸுக்கும் கிறவுண்டுக்கும் இடையில போடுங்கோ. கரண்ட் போய் வரேக்க போர்ட் எழும்புற மட்டும் பின் அந்தரத்தில நிக்கும்; அந்த நேரம் மோட்டர் தன்பாட்டில ஓடாது.