இறைப் பெயர்களின் அழுத்தம் தமிழில் எப்படி வரும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஞாயிறு மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லித் தருகிறோம். ஃகாஃபிர், கஃபூர், கஃப்ஃபார் மூன்றுக்கும் "மன்னிப்பவன்" என்றே எழுதி வருகிறோம். போதுமா? (சேலம் கோட்டை)

பதில்: போதாது. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை, ஆனால் வார்ப்பு வேறு. ஃகாஃபிர் என்பது வெறும் வினையாலணையும் பெயர். 40:3இல் "பாவத்தை மன்னிப்பவன்" என்று வருவது இதுதான். அங்கே "மிக", "பேர்" எதையும் சேர்க்க வேண்டாம். (இதை "காஃபிர்" என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் நிராகரிப்பவன் என்று படித்துவிடுவார்கள்.)

கஃப்ஃபாரில் வேரின் நடுவெழுத்து இரட்டிக்கிறது. தச்சனுக்கு நஜ்ஜார், ரொட்டி சுடுபவனுக்கு கப்பாஸ் என்று தொழிற்பெயர்கள் பிறப்பதும் இதே வார்ப்பில்தான். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது இதன் அடிப்படை. கஃபூர் அப்படியல்ல, குணம் நிறைந்திருப்பதைக் காட்டுகிறது. இமாம் கஸ்ஸாலி இறைப் பெயர்களை விளக்கும்போது, கஃப்ஃபார் மன்னிப்பு மீண்டும் மீண்டும் நிகழ்வதையும், கஃபூர் அந்த மன்னிப்பின் முழுமையையும் பரப்பையும் சொல்வதாகப் பிரிக்கிறார். இது அவர் வகுத்த நுட்பம், கட்டாய இலக்கண விதியல்ல. ஆனாலும் மொழிபெயர்ப்பவருக்கு நல்ல பிடிமானம்.

20:82ஐ எடுத்துக்கொள்வோம். பாவமீட்சி தேடி, நம்பிக்கை கொண்டு, நற்செயல் செய்து, நேர்வழியில் நிற்பவருக்கு நான் கஃப்ஃபார் என்கிறான் இறைவன். முதலில் கைக்கு வருவது "மிகவும் மன்னிப்பவன்". தமிழில் "மிகவும்" பண்போடுதான் ஒட்டும்: மிகவும் நல்லவன், மிகவும் பெரியது. செயலோடு சேர்த்தால் இடறுகிறது, அளவைச் சொல்லுமே தவிர தடவையைச் சொல்லாது. அடுத்து "மன்னித்துக்கொண்டே இருப்பவன்". தடவை வந்துவிட்டது, ஆனால் "பேசிக்கொண்டே இருக்கிறான்" என்று சலித்துக்கொள்ளும் தொனியும் கூடவே வந்துவிடுகிறது. "எத்தனை முறை வந்தாலும் மன்னிப்பவன்" காதுக்கு இனிமைதான், ஆனால் "எத்தனை முறை வந்தாலும்" மூலத்தில் இல்லை, அது விளக்கவுரை. எனவே "மீண்டும் மீண்டும் மன்னிப்பவன்" என்பதே என் தேர்வு. தமிழின் அடுக்கு, அரபியின் இரட்டிப்பு செய்யும் வேலையை இங்கே செய்துவிடுகிறது. 71:10இல் நூஹ் நபி தம் மக்களிடம் சொல்லும் இடத்திலும் இதையே வைக்கலாம்.

கஃபூருக்கு இவ்வளவு நீளம் தாங்காது. கஃப்ஃபார் குர்ஆனில் 5 இடங்களில்தான் வருகிறது, கஃபூரோ 91 இடங்களில். அதிலும் பெரும்பாலும் வசன முடிவில், "ரஹீம்" போன்ற இன்னொரு பெயருடன் சேர்ந்து வரும். "மன்னிப்பு மிக்கவன், கருணை மிக்கவன்" என்றால் ஓசையும் நிற்கும். பெயர்ச்சொல்லோடு "மிக்கவன்" சேர்ந்தால் அது நிலைத்த குணம், கஃபூருக்கு வேண்டியதும் அதுதான். ஒருமுறை தேர்ந்த சொல்லை எல்லா இடத்திலும் மாற்றாமல் வையுங்கள். கஃபூர் ஓரிடத்தில் "மன்னிப்பு மிக்கவன்", இன்னோரிடத்தில் "மீண்டும் மீண்டும் மன்னிப்பவன்" என்று வந்தால் பிரித்ததே வீண்.

கேள்வி: இவற்றை "முபாலகா" வார்ப்புகள் என்கிறார்கள். முபாலகா என்றால் மிகைப்படுத்தல்தானே? இறைவனின் பண்பை மிகைப்படுத்த முடியுமா? (ஏற்காடு)

பதில்: குழப்பம் "மிகைப்படுத்தல்" என்ற தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. உள்ளதைவிடக் கூட்டிச் சொல்வது உயர்வு நவிற்சி. இலக்கணத்தில் முபாலகா என்றால் வன்மையைக் காட்டும் வார்ப்பு, அவ்வளவே. "மிகுதிப் பெயர்" என்று எழுதினால் பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஸர்கஷீ (இறப்பு 1392) பதில் சொல்லியிருக்கிறார். மிகுதி இரண்டு வழியில் வரலாம்: செயலே கூடுவது ஒன்று, செயலுக்கு ஆளாவோர் பலராக இருப்பது மற்றொன்று. இறைப் பண்பு கூடவோ குறையவோ செய்யாது என்பதால், இரண்டாவது வழி அங்கே பொருந்தும். தவ்வாப் என்ற பெயரில் மிகுதி, பாவமீட்சி தேடி வருவோரின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஆகவே தமிழிலும் மிகுதியை வினையின் மேல் ஏற்றாமல் செயப்படுபொருளின் மேல் ஏற்றிப் பாருங்கள். பல இடங்களில் கட்டு தானாக அவிழும்.

கேள்வி: 41:46இல் "உம் இறைவன் அடியார்களுக்கு ழல்லாம் அல்லன்" என்று வருகிறது. ழல்லாம் மிகுதிப் பெயர் என்றால், "பெரிதும் அநீதி செய்பவன் அல்லன்" என்பதுதானே சரி? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: இதில்தான் விதியை அறிந்தவர்களே வழுக்குவார்கள். உங்கள் ஊர் மண்டியில் "கலப்படம் பெரிதாக இல்லை" என்று சொன்னால் கொஞ்சம் உண்டு என்றுதானே காதில் விழும்? மிகுதியை மறுத்தால் சிறிதளவு தங்கிவிடுகிறது. அது இங்கே பொருளையே கெடுத்துவிடும். அணுவளவும் அநீதி செய்வதில்லை என்று 4:40 நேராகவே சொல்கிறது.

அரபு அறிஞர்கள் பல விளக்கம் தருவார்கள். இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, இது மிகுதிப் பெயரே அல்ல, நஜ்ஜார் போல உறவைக் காட்டும் பெயர், அநீதியோடு அவனுக்குச் சம்பந்தமே இல்லை என்று பொருள். இரண்டு, இரட்டிப்பு அடியார்களின் பன்மைக்கு ஈடாக வந்தது. இந்தச் சொல் வரும் 5 இடங்களிலும் (3:182, 8:51, 22:10, 41:46, 50:29) "அடியார்களுக்கு" என்ற பன்மை கூடவே வருவது இதற்கு வலுச் சேர்க்கிறது.

எப்படிக் கொண்டாலும் தமிழ் வாக்கியம் ஒன்றுதான்: "உம் இறைவன் அடியார்களுக்குச் சிறிதும் அநீதி செய்பவன் அல்லன்." அரபியில் மிகுதி பெயரில் இருக்கிறது. தமிழில் அதை மறுப்புக்கு மாற்றிக் கொடுக்கிறோம். "சிறிதும்" என்பதில் உள்ள உம்மையை விட்டுவிடாதீர்கள். அது போனால் வாக்கியம் தலைகீழாகிவிடும்.

கேள்வி: ஆலிமுல் கைப், அல்லாமுல் குயூப் வேறுபாடு? (ஓமலூர்)

பதில்: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். 6:73இல் ஆலிமுடன் "கைப்" ஒருமை. 5:109, 5:116, 9:78, 34:48 நான்கிலும் அல்லாமுடன் "குயூப்" பன்மை. முன்னதற்கு "மறைவானதை அறிபவன்", பின்னதற்கு "மறைவானவை அனைத்தையும் அறிபவன்". இரண்டுக்கும் "எல்லாம்" போடும் பழக்கத்தால்தான் வேறுபாடு மறைகிறது.

கேள்வி: ஸமீஃ, பஸீர் இரண்டுக்கும் "கேட்பவன், உற்று நோக்குபவன்" சரியா? (ஆத்தூர்)

பதில்: இரண்டிலும் சிக்கல் உண்டு. "கேட்பவன்" வேண்டுபவன் என்றும் பொருள்படும், "செவியுறுபவன்" பாதுகாப்பு. "உற்று" என்றால் கண்ணைச் சிரமப்படுத்திப் பார்ப்பது. பஸீரில் முயற்சி இல்லை, "யாவும் பார்ப்பவன்" போதும்.

கேள்வி: பையன் பெயரை ரசாக் என்று எழுதலாமா, ரஸ்ஸாக் என்றா? வஹாப்பா, வஹ்ஹாப்பா? (அம்மாப்பேட்டை)

பதில்: ஓசைப்படி ரஸ்ஸாக், வஹ்ஹாப். இரட்டிப்பில்தான் மிகுதி இருக்கிறது, ஒற்றை எடுத்தால் வார்ப்பே போய்விடும். முன்னால் "அப்துல்" சேர்ப்பதானால் ரகரத்தின் முன் லகரம் ஒலிக்காது, "அப்துர் ரஸ்ஸாக்" என்றாகும். வஹ்ஹாபுக்கு "அப்துல்" அப்படியே நிற்கும். ஏற்கெனவே சான்றிதழில் ரசாக் என்று பதிவாகியிருந்தால் மாற்ற அலைய வேண்டாம். கூப்பிடும்போது அழுத்திக் கூப்பிடுங்கள்.