உள்நுழைந்த பின்னும் அதே பக்கம் திரும்புவது ஏன்?

கேள்வி: சென்னையிலிருந்து வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறேன். சரியான கடவுச்சொல் கொடுத்தும் அரசுத் தளம் மறுபடி உள்நுழைவுப் பக்கத்துக்கே வருகிறது. என்ன செய்வது?

கடவுச்சொல் தவறென்றால் பொதுவாகப் பிழைச்செய்தி வரும். எதுவும் சொல்லாமல் அதே பக்கம் திரும்பினால், நீங்கள் உள்ளே வந்ததற்கு அடையாளமான குக்கி பிரவுசரில் பதியவில்லை, அல்லது காலாவதியான பழைய குக்கி குறுக்கே நிற்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மறைநிலைச் சாளரத்தில் நுழைய முடிந்தால் பழைய குக்கியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்காக எல்லாத் தளங்களின் குக்கிகளையும் அழித்துவிடாதீர்கள். கணினிக் குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தை அழுத்தி, `Cookies and site data` பகுதியில் அந்தத் தளத்தினுடையதை மட்டும் நீக்கி, அதன் தாவல்களை மூடிவிட்டு, புக்மார்க்கை விடுத்து முகப்புப் பக்கம் வழியாக நுழையுங்கள். விண்ணப்பம் தனிச் சாளரத்தில் திறக்கும் தளமானால், முகவரிப் பட்டையின் வலப்பக்கம் பாப்-அப் தடுக்கப்பட்ட சின்னம் தோன்றுகிறதா என்று பார்த்து அனுமதியுங்கள். அப்போதும் சுற்றினால் எட்ஜ் அல்லது ஃபயர்பாக்ஸில் முயலலாம்.